சாவியை அனுப்பாதீர்கள், பூட்டை அனுப்புங்கள்

ஸ்லைடு 1: சாவி எப்படிப் போகும்?

கோவையில் ஒரு மில். சம்பளப் பட்டியலைச் சென்னை ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். இரு தரப்பும் நேரில் பார்த்ததே இல்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிக் கூரியரில் போட்டாயிற்று. சரி, சாவி? அதையும் அதே கூரியரில்தானே அனுப்ப வேண்டும்!

ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டு, அடுத்த மெயிலிலேயே பாஸ்வேர்டை அனுப்புவதும் இதே கதைதான். (சிரிக்காதீர்கள், நானும் செய்திருக்கிறேன்.)

ஸ்லைடு 2: திறந்த பூட்டு

ஆடிட்டர் ஒரு பூட்டைத் திறந்து, பூட்டை மட்டும் கோவைக்கு அனுப்புகிறார். சாவி அவருடைய மேசை டிராயரை விட்டு நகரவே இல்லை. மில்லில் பட்டியலைப் பெட்டிக்குள் வைத்து, பூட்டை மாட்டி அமுக்குகிறார்கள். 'டக்'. இனி பூட்டியவரே நினைத்தாலும் திறக்க முடியாது.

சாவி போட்டுத் திருப்பினால்தான் பூட்டும் பழைய வகை இதற்கு ஆகாது. பூட்டுவதற்குச் சாவி தேவையில்லை, திறப்பதற்கு மட்டும்தான் தேவை. முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

அந்தத் திறந்த பூட்டுதான் பப்ளிக் கீ. டிராயரில் இருப்பது பிரைவேட் கீ. பூட்டுக்குப் போய் 'கீ' என்று பெயர் வைத்ததில்தான் பாதிக் குழப்பம்.

ஸ்லைடு 3: எண்ணால் செய்த பூட்டு

இந்த யோசனையை 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டார்கள். மறு வருடமே எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் பூட்டையே செய்துவிட்டார்கள். அதுதான் ஆர்.எஸ்.ஏ.

பொம்மைப் பூட்டு ஒன்று: ஊருக்கே தெரிந்த எண்கள் 33, 3. டிராயரில் இருப்பது 7. அனுப்ப வேண்டிய ரகசியம் 4. கீழே 4^3 என்பது 4 × 4 × 4; mod 33 என்றால் 33-ஆல் வகுத்தால் வரும் மீதி.

```
பூட்ட:   4^3 mod 33 = 31
திறக்க:  31^7 mod 33 = 4
```

வழியில் பார்ப்பவருக்குக் கிடைப்பது 31 மட்டும். ஆனால் 33 என்பது 3 × 11 என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அது தெரிந்தால் 7-ஐக் கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான் 2048 பிட் பூட்டில் 33-க்குப் பதிலாக 617 இலக்க எண் இருக்கிறது. அதைப் பகா எண்களாகப் பிரிக்க நடைமுறையில் இன்று யாராலும் முடியவில்லை.

பெரிய ஃபைலை இப்படியே பூட்டினால் நேரம் தின்னும். ஆகவே ஃபைலை ஏ.இ.எஸ். போன்ற வேகமான முறையில் பூட்டி, அதன் சிறு சாவியை மட்டும் இந்தப் பெட்டிக்குள் வைப்பது வழக்கம்.

ஸ்லைடு 4: வந்த பூட்டு யாருடையது?

கூரியர்காரர் விவகாரமான ஆள் என்று வையுங்கள். ஆடிட்டரின் பூட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, தன் பூட்டை மில்லுக்குக் கொடுக்கிறார். திரும்பி வரும் பெட்டியைத் தன் சாவியால் திறந்து படித்துவிட்டு, ஆடிட்டரின் பூட்டைப் போட்டு அனுப்பிவிடுகிறார். இரு பக்கமும் சந்தேகமே வராது.

இணையதளங்களுக்கு இதைத் தடுப்பது சான்றிதழ்: 'இந்தப் பூட்டு இந்தத் தளத்துடையதுதான்' என்ற மூன்றாமவரின் கையெழுத்து. மெயிலுக்கு நாம் `gpg` பயன்படுத்துகிறோம். ஆடிட்டரின் கீயை இறக்கி `gpg`-இல் சேர்த்ததும் இதை ஓட்டுங்கள்:

```
gpg --fingerprint
```

அவருடைய கீக்கு வரும் 40 எழுத்துகளையும் போனில் அவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்ல, ஏற்கெனவே நம் ஃபைலில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடுங்கள்.