இணைப்பு 1: 2.10.2024 கிராம சபைக் கூட்டத்தில் கலந்துகொண்டோர் விவரம்

கீழவயல் ஊராட்சி, சிவகங்கை மாவட்டம்
கூட்ட நாள்: 2.10.2024, புதன்கிழமை
இடம்: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி வளாகம், கீழவயல்
நேரம்: முற்பகல் 11.00 முதல் பிற்பகல் 2.20 வரை
தலைமை: ஊராட்சி மன்றத் தலைவர்
பதிவு செய்தவர்: ஊராட்சி செயலர்

கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் முதல் பக்கத்தில் "கலந்துகொண்டோர்: 668" என்று ஒரே வரியில் முடித்துள்ளோம். அந்த 668 பேர் யார் யார், எந்தத் தகுதியில் வந்தவர்கள், அவர்களில் கிராம சபை உறுப்பினர்கள் எத்தனை பேர் என்பதை இந்த இணைப்பு சொல்கிறது. பெயர்களை இங்கே திரும்ப எழுதவில்லை. கையெழுத்துடன் கூடிய வருகைப் பதிவேட்டின் 31 பக்கங்களும் பின்னால் வைத்துத் தைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே உள்ள வரிசை எண்ணைக் கொண்டு பெயரைப் பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கமான கூட்டத்துக்கு இத்தனை விவரம் எழுதுவதில்லை. இந்த முறை பொருள் 9-இல் ஊராட்சியை அருகிலுள்ள நகராட்சியோடு இணைப்பது பற்றிய விவாதம் இருந்தது. இணைந்தால் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி நகராட்சிக் கணக்குக்கு மாறும் என்ற கவலையில் ஐந்து குக்கிராமங்களிலிருந்தும் ஜனம் திரண்டு வந்தது. வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். நாளைக்கு இந்தத் தீர்மானத்தை யாராவது கேள்வி கேட்டால், முதலில் கேட்கப்போவது "கூட்டத்தில் இருந்தது யார்?" என்பதைத்தான்.

குறைவெண் வரம்பு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஊராட்சியின் மக்கள்தொகை 4,318. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் கிராம சபைக் குறைவெண் வரம்பு 200. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபை உறுப்பினர்கள். எனவே வாக்காளர்களின் கையெழுத்து மட்டுமே இதற்குக் கணக்கிடப்பட்டது. 11.25 மணிக்கு எல்லா மேசைகளையும் சேர்த்து எண்ணியபோது 200-ஐத் தாண்டியிருந்தது. தலைவர் அதை ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகே பொருள் 1 எடுத்துக்கொள்ளப்பட்டது.

அ. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள்: 10 பேர் (வரிசை எண் 1 முதல் 10 வரை)

ஊராட்சி மன்றத் தலைவர், துணைத் தலைவர் (4-ஆவது வார்டு உறுப்பினரும் இவரே), 1, 2, 3, 5, 6, 8, 9-ஆவது வார்டு உறுப்பினர்கள். இந்த ஒன்பது பேரில் பெண்கள் 6. பத்தாவதாகக் கையெழுத்திட்டவர் ஊராட்சி ஒன்றியக் குழு உறுப்பினர். இவருக்குப் பக்கத்து ஊராட்சியில்தான் வாக்கு. சிறப்பு அழைப்பாளராக மேடையில் அமர்ந்தார், கை உயர்த்தவில்லை.

7-ஆவது வார்டு உறுப்பினர் உடல்நலம் இல்லாததால் வரவில்லை. கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். கடிதத்தைக் கொண்டுவந்த அவருடைய கணவர், மனைவியின் இடத்தில் தானே கையெழுத்துப் போட்டுவிடுவதாகக் கேட்டார். அப்படிப் போட இடமில்லை என்று பற்றாளரும் தலைவரும் எடுத்துச் சொன்னார்கள். சரி என்று கீழவயல் மேசைக்குப் போய், வாக்காளர் என்ற முறையில் கையெழுத்திட்டார். அவர் பிரிவு உ-வில் ஒருவராக எண்ணப்பட்டுள்ளார்.

ஆ. அரசு அலுவலர்கள், பணியாளர்கள்: 19 பேர் (வரிசை எண் 11 முதல் 29 வரை)

கூட்டப் பற்றாளராக வந்த துணை வட்டார வளர்ச்சி அலுவலர், ஊராட்சி செயலர், கிராம நிர்வாக அலுவலர், கிராம உதவியாளர், ஒன்றிய உதவிப் பொறியாளர், பணி மேற்பார்வையாளர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர், உதவி வேளாண்மை அலுவலர், கால்நடை உதவி மருத்துவர் ஆகியோர் தலா ஒருவர். பள்ளித் தலைமையாசிரியர்கள் 2, அங்கன்வாடிப் பணியாளர்கள் 3, நியாயவிலைக் கடை விற்பனையாளர் 1, மின்கம்பியாளர் 1, பாதுகாப்புப் பணிக்கு வந்த காவலர்கள் 2.

இவர்களில் ஊராட்சி செயலர், கிராம உதவியாளர், அங்கன்வாடிப் பணியாளர்கள் இருவர் என 4 பேர் இந்த ஊர் வாக்காளர்கள். மீதி 15 பேர் குறைவெண் வரம்பில் சேர மாட்டார்கள்.

இ. ஊராட்சி களப் பணியாளர்கள்: 21 பேர் (வரிசை எண் 30 முதல் 50 வரை)

மேல்நிலைத் தொட்டி இயக்குபவர்கள் 4, தூய்மைப் பணியாளர்கள் 3, தூய்மைக் காவலர்கள் 8, மக்கள் நலப் பணியாளர் 1, நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர்கள் 5. எல்லோருமே இந்த ஊராட்சியின் வாக்காளர்கள். பெண்கள் 12, ஆண்கள் 9. கூட்டத்துக்குத் தண்ணீர் வைப்பது, நாற்காலி போடுவது போன்ற வேலைகளில் இருந்தாலும் அவர்களும் சபை உறுப்பினர்கள்தான். கை எண்ணும்போது அவர்களையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னோம்.

ஈ. குழுக்களின் பிரதிநிதிகள்: 53 பேர் (வரிசை எண் 51 முதல் 103 வரை)

மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் 38, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பொறுப்பாளர்கள் 3, கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தினர் 2, பள்ளி மேலாண்மைக் குழுவினர் 4, கண்மாய்ப் பாசன விவசாயிகள் 6. எல்லோரும் வாக்காளர்கள். பெண்கள் 47, ஆண்கள் 6.

உ. பொதுமக்கள் (வாக்காளர்கள்): 539 பேர் (வரிசை எண் 104 முதல் 642 வரை)

கீழவயல்: பெண் 118, ஆண் 74, மொத்தம் 192 (வரிசை எண் 104–295, பக்கம் 6–13)
புதூர்: பெண் 88, ஆண் 41, மொத்தம் 129 (வரிசை எண் 296–424, பக்கம் 14–19)
சமத்துவபுரம்: பெண் 52, ஆண் 33, மொத்தம் 85 (வரிசை எண் 425–509, பக்கம் 20–23)
இந்திரா நகர்: பெண் 61, ஆண் 29, மொத்தம் 90 (வரிசை எண் 510–599, பக்கம் 24–27)
காட்டுக்குடியிருப்பு: பெண் 27, ஆண் 16, மொத்தம் 43 (வரிசை எண் 600–642, பக்கம் 28–29)

இனம் என்ற கலத்தில் அவரவர் எழுதியபடி ஆதிதிராவிடர் 158, பழங்குடியினர் 6. 41 பேர் அந்தக் கலத்தை நிரப்பவில்லை. நாங்களாக எதையும் எழுதிக்கொள்ளவில்லை. மாற்றுத்திறனாளிகள் 17 பேர். சக்கர நாற்காலியில் வந்த இருவரிடம் பதிவேட்டை அவர்கள் இருந்த இடத்துக்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினோம்.

ஊ. வாக்காளர் அல்லாத பிறர்: 26 பேர் (வரிசை எண் 643 முதல் 668 வரை)

பக்கத்து ஊராட்சிகளிலிருந்து பார்க்க வந்தவர்கள் 9, செய்தியாளர்கள் 3, இங்கே குடியிருந்தும் வாக்காளர் பட்டியலில் இன்னும் பெயர் சேராதவர்கள் 14. கடைசியாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகி இங்கே வந்த பெண்கள். அவர்கள் பேசத் தடை இல்லை. இருவர் குடிநீர் பற்றிப் பேசியது பொருள் 3-இல் பதிவாகியுள்ளது. பொருள் 9-க்குக் கை எண்ணும் முன் இந்த 26 பேரும் வேப்பமரத்தடிக்குத் தள்ளி உட்காரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். முகம் சுளிக்காமல் போய் உட்கார்ந்தார்கள்.

மொத்தக் கணக்கு

பிரிவுகளின்படி: 10 + 19 + 21 + 53 + 539 + 26 = 668.
கிராம சபை உறுப்பினர்கள்: 9 + 4 + 21 + 53 + 539 = 626. இதில் பெண்கள் 413, ஆண்கள் 213.
உறுப்பினர் அல்லாதவர்கள்: 1 + 15 + 26 = 42.

பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் உள்ளே வந்து கையெழுத்திடாததால் எந்தக் கணக்கிலும் இல்லை. 18 வயது நிரம்பாதவர்களிடம் கையெழுத்து வாங்கவில்லை.

வருகைப் பதிவேடு பற்றி

ஒரே மேசையில் வாங்கினால் வரிசை சாலை வரைக்கும் போய்விடும் என்பதால் எட்டு மேசைகள் போட்டோம். மேடைக்கும் அலுவலர்களுக்கும் ஒன்று, பணியாளர்களுக்கும் குழுக்களுக்கும் ஒன்று, குக்கிராமங்களுக்கு ஐந்து, பிறருக்கு ஒன்று. எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் கையெழுத்து விழுந்ததால் வரிசை எண் அப்போதே போட முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் பற்றாளர் முன்னிலையில் தாள்களை அடுக்கி, சிவப்பு மையால் 1 முதல் 668 வரை எண்ணிடப்பட்டது. ஆகவே சிறிய எண் உள்ளவர் முதலில் வந்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொரு பக்கத்திலும் 25 வரிகள். 31 பக்கங்களுக்கு 775 வரிகள். அதில் 668 பதிவுகள். மீதி 107 வரிகள் குறுக்குக் கோடிட்டு அடிக்கப்பட்டு, பக்கந்தோறும் பற்றாளரின் சுருக்கொப்பம் பெறப்பட்டுள்ளது. இந்த 107-இல் 95 வெற்று வரிகள். மற்ற 12 இரட்டைக் கையெழுத்துகள்: மகளிர் குழு மேசையில் போட்டுவிட்டு, அப்புறம் தெரு மேசையிலும் போட்டவர்கள். கீழவயல் பக்கங்களில் 7, புதூர் பக்கங்களில் 5. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, குழுவில் போட்டதை வைத்துக்கொண்டு தெருவில் போட்டதை அடித்துள்ளோம்.

கைநாட்டு வைத்தவர்கள் 87 பேர். பிரிவு ஈ-யில் 6, பிரிவு உ-வில் 81. ஒவ்வொரு கைநாட்டுக்கும் பக்கத்தில் பெயரை எழுதி, அந்தந்த மேசையில் இருந்தவர் சாட்சிக் கையெழுத்திட்டுள்ளார்.

கையெழுத்துப் போடவே பலர் தயங்கினார்கள். இந்திரா நகர் மேசையில் ஒரு பாட்டி, "எதுக்குப்பா இது? டவுனோட சேர்க்கச் சம்மதம்னு எழுதிக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் நின்றுவிட்டார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. தாளின் தலைப்பில் தேதியும் ஊராட்சிப் பெயரும் மட்டுமே இருந்தன. உடனே எட்டு மேசைகளிலும், அதுவரை கையெழுத்தான பக்கங்கள் உட்பட, "வருகைக்காக மட்டும். எந்தத் தீர்மானத்துக்கும் ஒப்புதல் அல்ல" என்று தலைப்பில் எழுதி, முத்திரையிட்டு, ஒலிபெருக்கியிலும் படித்துக் காட்டினோம். பாட்டி ஒருவரை விட்டு அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கைநாட்டு வைத்தார். வரிசை எண் 514.

எனவே இந்தப் பதிவேட்டில் கையெழுத்து இருப்பதை வைத்து ஒருவர் எந்தப் பொருளுக்கும் ஆதரவு என்றோ எதிர்ப்பு என்றோ கொள்ளக் கூடாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிலர் கிளம்பிவிட்டார்கள். பொருள் 9-க்குப் பிற்பகல் 1.40-க்கு எண்ணிய கைகளின் கணக்கு தீர்மானப் பதிவில் தனியாக உள்ளது. அது 626-ஐ விடக் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இணைக்கப்பட்டவை: கையெழுத்துடன் கூடிய வருகைப் பதிவேடு, பக்கம் 1 முதல் 31 வரை (பக்கம் 1–2: பிரிவு அ, ஆ, பக்கம் 3–5: பிரிவு இ, ஈ, பக்கம் 6–29: பிரிவு உ, பக்கம் 30–31: பிரிவு ஊ). அசல் ஊராட்சி அலுவலகத்தில் உள்ளது. இந்த நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சிகள்) அனுப்பப்படுகிறது. வாக்காளர்கள் அலுவலக நேரத்தில் வந்து அசலைப் பார்க்கலாம்.

மேற்கண்ட விவரங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன.

(ஒப்பம்) ஊராட்சி மன்றத் தலைவர், கீழவயல்
(ஒப்பம்) ஊராட்சி செயலர், கீழவயல்
(ஒப்பம்) துணை வட்டார வளர்ச்சி அலுவலர், கூட்டப் பற்றாளர்
(ஒப்பம்) சாட்சி: வாக்காளர், வரிசை எண் 131, கீழவயல்
(ஒப்பம்) சாட்சி: வாக்காளர், வரிசை எண் 607, காட்டுக்குடியிருப்பு

நாள்: 2.10.2024