அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம்: பாட்டிலைத் திறக்கும் முன் தரவுத் தாளைப் படிக்க

முதலாண்டு பி.எஸ்சி. வேதியியல், ஆய்வகக் குறிப்பு 4
செவ்வாய் பிற்பகல் 1.30, பருமனறி பகுப்பாய்வு

இந்த வாரம் ஒவ்வொருவரும் அடர் HCl-இலிருந்து 250 மி.லி. 1 M கரைசல் தயாரிக்கப் போகிறீர்கள். இதுவரை நீங்கள் தொட்டதெல்லாம் நாங்கள் கரைத்து வைத்த நீர்த்த அமிலம். மூடியைத் திறந்ததுமே புகையும் அமிலத்தை இப்போதுதான் முதன்முறையாகக் கையாள்கிறீர்கள். அதனால் பாதுகாப்புத் தரவுத் தாளை (எஸ்டிஎஸ்) வீட்டிலேயே படித்துவிட்டு வாருங்கள். தாளில் 16 பிரிவுகள் உண்டு. எந்த நிறுவனம் அச்சிட்டாலும் எண்ணும் வரிசையும் மாறாது. ஆனால் நாவல் போல முதல் பக்கத்திலிருந்து படித்தால் நாலாம் பக்கத்தில் கவனம் போய்விடும். செய்முறைத் தாளை இடப்பக்கம் விரித்து வைத்துக்கொண்டு, கீழே சொல்லும் வரிசையில் படியுங்கள்.

முதலில், இது நம் பாட்டிலின் தாள்தானா? (பிரிவு 1, 3)

மாணவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். 7647-01-0 என்ற சிஏஎஸ் எண்ணைத் தேடினால் மூன்று வகைத் தாள்கள் வரும்: சிலிண்டரில் வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு, 35–38% அடர் அமிலம், 0.1 M தயார்க் கரைசல். மூன்றுக்கும் எண் ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல. ஐரோப்பிய வகைப்பாட்டின்படி 25 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் தோலை அரிக்கும் பொருள். 10-க்கு மேல் 25-க்குள் இருந்தால் எரிச்சல் தருவது மட்டுமே. நீர்த்த கரைசலின் தாளைப் படித்துவிட்டு அடர் அமிலத்தைத் திறப்பவர், தெரியாமல் வருபவரைவிட ஆபத்தானவர். தனக்குத் தெரியும் என்று அவர் நம்பிவிடுகிறார்.

எனவே பிரிவு 3-இல் செறிவைப் பாருங்கள். நம் பாட்டில் 36%. தயாரிப்பாளர் பெயரும் தரமும் லேபிளோடு ஒத்துப்போக வேண்டும். பிரிவு 14-இல் யுஎன் 1789 என்று இருந்தால் அது கரைசல். 1050 என்று இருந்தால் வாயுவின் தாளைத் திறந்திருக்கிறீர்கள், மூடிவிடுங்கள்.

பிரிவு 9-இல் அடர்த்தி 1.18 கி./மி.லி. கணக்குக்கு இந்த இரண்டும் போதும்: 1180 × 0.36 ÷ 36.46 = 11.65 M. 0.25 மோலுக்குத் தேவை 21.5 மி.லி. பல தாள்களில் செறிவு ‘35–38%’ என வரம்பாகவே இருக்கும். அந்த வரம்புக்குள் தேவையான அளவு ஏறக்குறைய 20-இலிருந்து 22 மி.லி. வரை மாறும். தயாரித்த கரைசலைச் சோடியம் கார்பனேட்டால் திறன் காண்பது இதனால்தான்.

என்ன செய்யும்? (பிரிவு 2)

எச்சரிக்கைச் சொல் ‘அபாயம்’. குறியீடுகள் மூன்று. H314: தோலில் கடும் தீப்புண், கண்ணில் சேதம். H335: மூச்சுப் பாதையில் எரிச்சல். H290: உலோகத்தை அரிக்கும். மூன்றையும் செய்முறையில் எந்தப் படியோடு சேரும் என்று எழுதிப் பாருங்கள். ஊற்றும்போது H314. மூடி திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் H335. பாட்டிலை இரும்பு அலமாரியில் வைக்காமல், ஃபியூம் ஹூட்டின் அடித்தட்டில் பிளாஸ்டிக் தட்டுக்குள் வைத்திருப்பதற்குக் காரணம் H290.

காற்றும் கையுறையும் (பிரிவு 8)

அமெரிக்காவின் ஓஷா விதித்த உச்ச வரம்பு 5 பிபிஎம். ‘உச்ச வரம்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இது எட்டு மணி நேரச் சராசரி அல்ல, ஒரு கணமும் தாண்டக் கூடாத அளவு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியோஷ் வகுத்த அளவு 50 பிபிஎம். எனவே ‘கொஞ்சம்தானே, மேசையிலேயே ஊற்றிவிடலாம்’ என்பதற்கு இடமில்லை. ஊற்றுவது முழுவதும் ஹூட்டுக்குள், கண்ணாடிக் கதவை முகத்துக்குக் கீழே இறக்கிவைத்து. துணி முகக்கவசமும் என்95-உம் தூசியைத் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது.

பவர் கண்ணாடி பாதுகாப்பு ஆகாது. பக்கவாட்டும் மூடிய காகிள்ஸ் அணியுங்கள். கையுறைப் பகுதியில் ‘முழுத் தொடர்பு’, ‘தெறிப்பு’ என இரு வரிகள் தனித்தனியாக இருக்கலாம். மெல்லிய நைட்ரைல் கையுறையை நாம் தெறிப்புக்காகத்தான் அணிகிறோம். துளி பட்டதும் கழற்றி மாற்றுங்கள். முழுக்கை கோட்டு, மூடிய ஷூ கட்டாயம். துப்பட்டாவைக் கோட்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

எதோடு சேரக் கூடாது? (பிரிவு 10)

இந்தப் பிரிவை நம் அறையைச் சுற்றிப் பார்த்தபடி படியுங்கள். தொட்டியைத் தேய்க்கும் பிளீச்சிங் பவுடர், பக்கத்து மேசையின் பொட்டாசியம் பெர்மாங்கனேட்: இரண்டோடும் குளோரின் வாயு வரும். சல்பைடு உப்புகளோடு ஹைட்ரஜன் சல்பைடு. துத்தநாகம், இரும்பு, அலுமினியத்தோடு ஹைட்ரஜன். அமிலம் தானாக எரியாது என்று பிரிவு 5 சொன்னாலும், இந்த ஹைட்ரஜன் எரியும். ஃபார்மலினைப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். இரண்டின் ஆவியும் சேர்ந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பிஸ்குளோரோமெத்தில் ஈதர் உருவாகலாம்.

பட்டுவிட்டால் (பிரிவு 4)

இதை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள். விபத்து நேரத்தில் தாளைப் புரட்ட நேரமிருக்காது.

தோலில்: நனைந்த துணியையும் கையுறையையும் கழற்றிக்கொண்டே ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். சோடா உப்புத் தடவாதீர்கள். நடுநிலையாகும்போது சூடு வரும், கழுவும் நேரமும் வீணாகும்.

கண்ணில்: இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, கண் கழுவும் குழாயில் 15 நிமிடத்துக்குக் குறையாமல். லென்ஸ் இருந்தால் கழுவும்போதே எடுக்கப் பாருங்கள். வலி குறைந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

மூச்சில்: வெளிக்காற்றுக்கு அழைத்துப் போங்கள். இருமல் அடங்கிய பிறகும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். பேசாமல் விடுதிக்குப் போய்விடாதீர்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

சிந்தினால் (பிரிவு 6)

10 மி.லி. அடர் அமிலத்துக்குச் சுமார் 10 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். அது கிட்டத்தட்ட 3 லிட்டர் கார்பன் டைஆக்சைடைக் கிளப்பும். ஆகவே ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். குவித்துக் கொட்டினால் நுரை பொங்கி அமிலத்தைத் தெறிக்கவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டாம், சூடு அதிகம். ஹூட்டுக்கு வெளியே சிந்தினால் நீங்கள் துடைக்க வேண்டாம். விலகி நின்று குரல் கொடுங்கள்.

செய்யும்போது

250 மி.லி. பீக்கரில் முதலில் 150 மி.லி. காய்ச்சி வடித்த நீர். பாட்டில் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, உள்ளழுத்தம் இறங்கும்வரை நில்லுங்கள். வெயில் நாளில் உள்ளே வாயு சேர்ந்திருக்கும், மூடியை ஒரே திருகில் எடுத்தால் முகத்துக்கு நேரே சீறும். சிறு பீக்கரில் 25 மி.லி. அளவு எடுத்துக்கொண்டு உடனே மூடுங்கள். அதிலிருந்து அளவு உருளையில் 21.5 மி.லி. அளந்து, கண்ணாடிக் கோல் வழியாக நீரில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். நீரில் அமிலம், அமிலத்தில் நீர் அல்ல. வாயால் பிப்பெட் உறிஞ்சுவதற்கு இங்கே அனுமதி இல்லை. அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகே ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்குக்கு மாற்றிக் குறிவரை நிரப்புங்கள். சூடாக நிரப்பினால் ஆறியதும் மட்டம் இறங்கிவிடும்.

மிஞ்சியதைப் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள். ஹூட்டில் உள்ள ‘அமிலக் கழிவு’ ஜாடியில், பாதியளவு நீர் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து ஊற்றுங்கள்.

செவ்வாயன்று வரும்போது ரெக்கார்டில் அரைப் பக்கம் எழுதியிருக்க வேண்டும்: தாளின் திருத்தத் தேதி, செறிவு, மூன்று H குறியீடுகள், நம் அறையில் இதோடு சேரக் கூடாத இரண்டு பொருள்கள், உங்கள் மேசையிலிருந்து கண் கழுவும் குழாய்க்கு எத்தனை அடி. கடைசியானது தாளில் இருக்காது. முந்தின நாளே வந்து நடந்து பாருங்கள். இந்த அரைப் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் பாட்டில் கைக்கு வரும்.