வங்கிக் கணக்கு தொடங்க போனஃபைடு சான்றிதழ் வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்
மா. சரசுவதி,
(மா. கீர்த்தனாவின் தாயார், 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு),
12, வடக்குத் தெரு, கீழவயல்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
கீழவயல்.

நாள்: 16.06.2025

பொருள்: மகளின் பெயரில் மாணவர் சேமிப்புக் கணக்கு தொடங்க போனஃபைடு சான்றிதழ் கேட்டல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

என் மகள் மா. கீர்த்தனா நம் பள்ளியில் 14.06.2022 அன்று 6-ஆம் வகுப்பில் சேர்ந்து, இந்த 2025–26 கல்வியாண்டில் 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் படித்து வருகிறாள். சேர்க்கை எண் 2187. சென்ற ஆண்டு தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் அவள் தேர்வாகியிருப்பது தாங்கள் அறிந்ததே. மாதம் 1,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 12,000 ரூபாய், 12-ஆம் வகுப்பு வரை கிடைக்கும். அந்தத் தொகை மாணவியின் பெயரில் உள்ள, ஆதார் இணைத்த கணக்கில்தான் வரவாகும். என் கணக்கு எண்ணைக் கொடுத்தால் பயன்படாது. அவளுக்கு இதுவரை கணக்கு இல்லை.

ஆலங்குடி பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் 10 வயது நிறைந்து, ஒரே மாதிரி கையெழுத்துப் போடத் தெரிந்த பிள்ளைகளுக்கான 'பெஹ்லி உடான்' கணக்கைத் தொடங்க இருக்கிறோம். குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத கணக்கு அது. அவளுடைய ஆதார், பிறப்புச் சான்று, என்னுடைய ஆதார், பான் அட்டை ஆகியவற்றுடன் பள்ளியின் போனஃபைடு சான்றிதழ் அசலும் கேட்டிருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை (20.06.2025) காலை வரச் சொல்லியிருப்பதால், 19-ஆம் தேதி மாலைக்குள் சான்றிதழ் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

சான்றிதழ் எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. பதிவேட்டில் மகளின் பெயர் தமிழில் மட்டுமே இருக்கிறது. வங்கியோ ஆங்கில எழுத்துகளை ஆதாருடன் ஒன்றுவிடாமல் ஒப்பிடும். கீர்த்தனா என்பதை இரண்டு 'ஈ' போட்டும் எழுதலாம், ஒரு 'ஐ' போட்டும் எழுதலாம். ஆதாரில் இரண்டு 'ஈ' போட்டிருக்கிறது. தந்தையின் முதலெழுத்து 'எம்' பெயருக்குப் பின்னால் வருகிறது. சான்றிதழிலும் அப்படியே வர வேண்டும். இந்த ஓரெழுத்து மாறிவிட்டால் கணக்கு தொடங்குவது தள்ளிப்போகும்; பிறகு ஆதார் இணைப்பிலும் சிக்கல் வரும். அதனால்தான் ஆதார் நகலில் பெயரைக் கோடிட்டுக் காட்டியிருக்கிறேன்.

முகவரியும் அப்படியே. சேர்க்கையின்போது கொடுத்தது மேலத்தெரு முகவரி. இப்போது வடக்குத் தெருவில் இருக்கிறோம், ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் மாற்றிவிட்டோம். பதிவேட்டிலும் புதிய முகவரியைச் சேர்த்து, சான்றிதழில் அதையே குறிப்பிட வேண்டுகிறேன். பிறந்த தேதி 09.08.2011, இது பதிவேடு, ஆதார், பிறப்புச் சான்று மூன்றிலும் ஒன்றாகவே இருக்கிறது.

அலுவலக எழுத்தருக்கு வசதியாக, தேவைப்படும் வாசகத்தை எழுதித் தருகிறேன்:

"மாரிமுத்து – சரசுவதி ஆகியோரின் மகள் மா. கீர்த்தனா (பிறந்த தேதி 09.08.2011, சேர்க்கை எண் 2187), 12, வடக்குத் தெரு, கீழவயல் என்ற முகவரியில் வசிப்பவர். இவர் இப்பள்ளியில் 2025–26 கல்வியாண்டில் 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் பயின்று வருகிறார். பாரத ஸ்டேட் வங்கி, ஆலங்குடி கிளையில் சேமிப்புக் கணக்கு தொடங்கும் பொருட்டு இச்சான்று வழங்கப்படுகிறது."

பள்ளியின் பெயரும் முகவரியும் அச்சிட்ட தாளில், கடித எண், தேதியுடன் இருந்தால் நல்லது. புகைப்படத்தை ஒட்டிய பின், பள்ளி முத்திரை பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழும்படி வைத்து, தங்கள் கையொப்பத்தின் கீழும் பெயர் முத்திரை இட வேண்டுகிறேன். முத்திரை படத்தின் மேல் விழாத சான்றைப் படம் மாற்றி ஒட்டியதோ என்று சந்தேகிக்க இடமுண்டு. வங்கி அசலை வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு அசல் பிரதிகள் கிடைக்குமா எனவும் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு தொடங்கியதும் பாஸ்புத்தக முதல் பக்க நகலை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுவோம்.

வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு மேல் நானே அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்கிறேன். விவரம் ஏதும் தேவைப்பட்டால் பதிவேட்டில் உள்ள என் கைப்பேசி எண்ணுக்கு அழைக்கலாம். அந்த எண் மாறவில்லை.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மா. சரசுவதி

இணைப்பு:
1. மகளின் ஆதார் நகல்
2. பிறப்புச் சான்று நகல்
3. குடும்ப அட்டை நகல்
4. பாஸ்போர்ட் அளவு புகைப்படம் – 2 (பின்புறம் பெயர், வகுப்பு எழுதியது)