கயல் வீட்டுப் பொங்கல்

முதலில் மூன்று படங்களையும் பாருங்கள். தெரிந்த பொருள் எது கண்ணில் பட்டாலும் அதன் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், தமிழில் வராவிட்டால் விரலால் தொட்டுக் காட்டுங்கள், போதும். அப்புறம் வாசிக்கலாம்.

படம் 1: ஜன்னலுக்கு வெளியே பனி. அடுப்படியில் அம்மம்மாவும் கயலும். தரையில் சின்னக் கோலம்.

இன்று தை மாதம் முதல் நாள். கயலின் வீடு கனடாவில், ஸ்கார்பரோவில், ஒன்பதாம் மாடியில் இருக்கிறது. மணி ஏழு ஆகியும் வெளியே இருட்டுதான். அங்கே ஜனவரியில் சூரியன் எட்டு மணியை ஒட்டித்தான் வரும்.

"அம்மம்மா, முற்றத்தில தானே பொங்க வேணும்?"

"இங்க முற்றத்துக்கு எங்க போறது, பிள்ளை?"

யாழ்ப்பாணத்தில் அம்மம்மா முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, மண்பானையில் பொங்குவார். இங்கே மின்சார அடுப்பு, சில்வர் பானை. ஆனாலும் பானையின் கழுத்தில் இஞ்சியும் மஞ்சளும் கட்டியிருக்கிறார்.

படம் 2: பால் பொங்கி வழிகிறது. அண்ணா துவாயை வீசுகிறான். கூரையில் ஒரு வட்டப் பெட்டி. (அது என்ன? வாசித்தால் தெரியும்!)

பால் நுரைத்து நுரைத்து மேலே வந்தது. எல்லாரும் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார்கள். பால் வழிந்து அடுப்பில் விழுந்து சுர்ரென்று கருகியது, புகை கிளம்பியது, உடனே புகை அலாரம் கீ... கீ... என்று அலறத் தொடங்கியது. அண்ணா ஓடிவந்து துவாயால் விசிறினான்.

அம்மம்மா சிரித்தார். "ஊரில பால் பொங்கினா வெடி கொளுத்துவம். இங்க வெடி தானா வெடிக்குது!"

படம் 3: அரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, கஜு, முந்திரிகை வத்தல். ஒவ்வொன்றும் ஒரு கிண்ணத்தில்.

பிறகு ஒவ்வொருவரும் ஒரு பிடி அரிசி போட்டார்கள். கயலின் கை சின்னது, அவள் இரண்டு பிடி போட்டாள். பொங்கல் வெந்து முடிய வெளியே வெளிச்சம் வந்துவிட்டது. வாழையிலையில் பொங்கலை வைத்துச் சூரியனுக்குப் படைத்தார்கள். அதன் பிறகுதான் சாப்பாடு.

சொல்லுங்கள் பார்ப்போம்

1. கயல் எந்த நாட்டில் இருக்கிறாள்?

2. படம் 1-இல் கோலம் எங்கே? தொட்டுக் காட்டுங்கள்.

3. கயல் வீட்டில் எந்தப் பானையில் பொங்கினார்கள்? மண்பானையா, சில்வர் பானையா?

4. படம் 2-இல் உள்ள வட்டப் பெட்டி என்ன? அது ஏன் கத்தியது?

5. அம்மம்மா எதை "வெடி" என்கிறார்? (இது கொஞ்சம் கஷ்டம். பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டுச் சொல்லலாம்.)

6. படம் 3-இல் உங்களுக்குப் பிடித்தது எது? எனக்குக் கஜு.

7. வீட்டுக்குப் போய் அம்மாவிடமோ அப்பாவிடமோ அம்மம்மாவிடமோ கேளுங்கள்: "நீங்கள் சின்ன வயதில் எங்கே பொங்கினீர்கள்?" அவர்கள் சொன்னதில் ஒன்றை வரைந்து, கீழே ஒரே ஒரு வரி தமிழில் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லை.