தர்பூசணி இல்லாத கடற்காற்று: ஜோ மலோன் ‘வுட் சேஜ் அண்ட் சீ சால்ட்’

கடல் மணம் என்று போட்டு விற்கும் வாசனைத் திரவியங்களில் பெரும்பாலானவை எனக்குப் பிடிப்பதில்லை. காரணம் கலோன் என்ற ஒரு மூலக்கூறு. 1966இல் ஃபைசர் நிறுவன வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது. நறுக்கிய தர்பூசணியின் வெள்ளைப் பகுதி, அதில் கொஞ்சம் சிப்பியின் ஈரம்: அதன் மணம் அப்படித்தான் இருக்கும். தொண்ணூறுகளில் இது ஒரு அலையாகவே அடித்தது. 1992இல் வந்த ‘லோ டிஸ்ஸே’, 1996இல் வந்த ‘அக்வா டி ஜியோ’ இரண்டும் நன்றாகச் செய்யப்பட்டவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் வந்த நகல்கள், டியோடரன்ட், ஷேவிங் லோஷன், கார் ஃப்ரெஷ்னர் எல்லாவற்றிலும் அதே நீல மணத்தை ஊற்றிவிட்டார்கள். இப்போது கலோன் மூக்கில் பட்டால் எனக்குக் கடல் தெரிவதில்லை, ஏசி போட்ட வாடகைக் கார்தான் தெரிகிறது.

அதனால்தான் லண்டனில் இருக்கும் அத்தை மகள், பிரிட்டிஷ் வாசனை நிறுவனமான ஜோ மலோனின் ‘வுட் சேஜ் அண்ட் சீ சால்ட்’ திரவியத்தைக் கொண்டுவந்தபோது நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 2014இல் வெளியானது. செய்தவர் கிறிஸ்டீன் நாகல், பின்னாளில் பிரெஞ்சு நிறுவனமான எர்மேஸின் வாசனைத் துறைக்குத் தலைமை ஏற்றவர். பிரிட்டன் கடற்கரையை மனத்தில் வைத்துச் செய்தது என்கிறார்கள். நம் கடற்கரையை மறந்துவிடுங்கள். இதில் கருவாடும் இல்லை, கட்டுமர ஈரமும் இல்லை, மீன் கவுச்சி துளியும் இல்லை. குளிர்ந்த காற்று, சுண்ணாம்புப் பாறை, காய்ந்த புல், ஆள் நடமாட்டமில்லாத ஒரு கரை.

பாட்டிலில் சால்ட் என்று எழுதியிருந்தாலும் உப்புக்கு மணமே கிடையாது. சோடியம் குளோரைடு ஆவியாகி மூக்குக்கு வராது. கடற்கரையில் நாம் முகர்வது கடற்பாசியும் நுண்ணுயிர்களும் விடுகிற டைமெத்தில் சல்பைடு போன்ற வாயுக்களை. அதிகமானால் அது வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை. சில கடலுயிரிகளில் உள்ள புரோமோஃபீனால்களுக்கோ லேசான அயோடின் நெடி. இவற்றை அப்படியே பாட்டிலில் அடைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே உப்பு என்ற எண்ணத்தை மட்டும் மூக்கில் உண்டாக்க வேண்டும். இந்தத் திரவியத்தின் கெட்டிக்காரத்தனம் முழுக்க அங்கேதான்.

அடித்த உடனே வருவது பம்பளிமாஸ் தோல். சுளையின் இனிப்பு இல்லை, தோலை மடக்கினால் கண்ணில் தெறிக்குமே அந்த எண்ணெய். கூர்மையானது, ஓரத்தில் கசப்பு. எலுமிச்சை போலப் புளிப்பாக இல்லை, ஆரஞ்சு போலச் சிரிக்கவும் இல்லை. சில நிமிடங்களில் அந்தக் கூர்மை தணிந்து, கனிமம் என்று சொல்லத்தக்க ஒன்று எழும்பும். வெயிலில் கிடந்த கல்லின் மேல் தண்ணீர் தெளித்த கணம், அதன் பின் கல் மறுபடி உலரும் வேளை. உலர்வும் ஈரமும் ஒருசேர இருக்கும் இந்த இடத்தைத்தான் மூளை உப்பு என்று படிக்கிறது. அம்மாவுக்கு இந்தக் கவித்துவமெல்லாம் எடுபடவில்லை. “என்னடி இது, சாத்துக்குடித் தோலை எடுத்து வெள்ளையடிச்ச செவுத்துல தேச்ச மாதிரி இருக்கு” என்றார். இதைவிடச் சரியாக நான் எழுதிவிட முடியாது.

அரை மணி நேரத்தில் சேஜ் வருகிறது. நம் சமையலில் இல்லாத இலை என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். கற்பூரமும் யூகலிப்டஸ் மணமும் அந்த இலையிலேயே உண்டு, ஆனால் தைலம் போல மூக்கைத் துளைக்காது. பச்சையாக இல்லாமல் சாம்பல் பூத்த, வெயிலில் காய்ந்த மூலிகை மணம். துளசியின் காரம் இதில் கிடையாது. புதினாவின் குளிர்ச்சியும் அந்தளவுக்கு இல்லை. பெயரில் வுட் இருக்கிறதே என்று சந்தனமோ அகிலோ தேடினால் ஏமாற்றம்தான். கடல் அடித்து ஒதுக்கிய, பட்டை உரிந்து வெளுத்த கட்டை அளவுக்குத்தான் மரம்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. அது ஆம்ப்ரெட் விதை. நம் கஸ்தூரி வெண்டைதான், சமையல் வெண்டைக்காய்க்கு உறவு. கஸ்தூரி மானைத் தொடாமலே கஸ்தூரி மணம் தரும் விதை என்பதால் வாசனைத் தொழிலில் மதிப்பு அதிகம். துவைத்துக் காயவைத்த பருத்தித் துணி, பழுத்த பேரிக்காய், மெல்லிய ஒரு மதுச் சாயல், எல்லாம் கலந்து தோலோடு ஒட்டிக்கிடக்கும். குளித்துவிட்டு வந்தவரின் கழுத்தருகே வருமே, சோப்பு போன பிறகும் மிஞ்சும் சுத்தம், அந்த வகை. கடலில் நனைந்து உப்புக் காய்ந்த தோல் என்ற உணர்வு இங்கேதான் முழுமையாகிறது. ஒரு எச்சரிக்கை: கஸ்தூரி வகை மூலக்கூறுகளில் சிலவற்றைச் சிலருடைய மூக்கு உணராது. உங்களுக்கு அரை மணியில் ஒன்றுமே இல்லை என்று தோன்றினால் பக்கத்தில் இருப்பவரிடம் மணிக்கட்டை நீட்டிக் கேளுங்கள். மறைந்தது மணமாக இருக்காது, உங்கள் மூக்குக்கு அது பிடிபடாமல் இருக்கலாம்.

நீடிப்பு பற்றிக் கேட்பீர்கள். இது கொலோன், அதாவது வாசனை எண்ணெய் குறைவாகக் கலந்த வகை, மென்மையாக இருக்கவே செய்தது. சென்னை மே மாத வெயிலில் பம்பளிமாஸ் பகுதி கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுகிறது, சூட்டில் எதுவும் வேகமாக ஆவியாகும். இரண்டு மூன்று மணி நேரத்தில் தோலில் மிஞ்சுவது அந்தக் கஸ்தூரி மட்டும். ஏசி அறையில் இன்னும் கொஞ்சம் தாங்கும். நான் பருத்திச் சட்டைக் காலரின் உட்புறத்தில் அடித்துக்கொள்கிறேன், துணியில் மாலை வரை லேசாகத் தங்குகிறது. பட்டுப் புடவையில் மட்டும் வேண்டாம், கறை விழுந்தால் அழ நேரும். அறைக்குள் நுழையும்போதே எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றால் இது உங்களுக்கானது இல்லை. கட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆண், பெண் என்ற பிரிவும் இதற்குப் பொருந்தாது, என் தம்பி என்னைவிட அதிகம் எடுத்துக்கொள்கிறான்.

அத்தரில் பழகியவர்களுக்கு இது தண்ணீராகத் தோன்றும். மல்லிகை, ரோஜா மட்டுமே வாசனை என்று நினைப்பவர்களுக்கு “இதற்கா இவ்வளவு காசு?” என்று கேட்கத் தோன்றும், அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. மணிக்கு ஒரு முறை அடித்துக்கொள்ளத் தோன்றும் திரவியத்துக்கு இந்த விலை அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் கலோன் இல்லாமல், இனிப்பு இல்லாமல், கடல் என்று நம்பவைக்கிற இன்னொன்று எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

வாங்குவதாக இருந்தால் 100 மில்லி பாட்டிலுக்குப் போகாதீர்கள், 30 மில்லி போதும். கடையில் காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவெடுக்கவும் வேண்டாம், காகிதத்தில் பம்பளிமாஸ்தான் பேசும், கஸ்தூரி பேசாது. மணிக்கட்டில் அடித்துக்கொண்டு, தேய்க்காமல், வெளியே வந்து ஒரு காபி குடித்துவிட்டு அப்புறம் முகர்ந்து பாருங்கள். அப்போது பிடித்திருந்தால் திரும்பிப் போய் வாங்கலாம்.