தட்டை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

(திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும், அன்பான மாணவ மாணவிகளுக்கும் காலை வணக்கம்.

மேசையில் ஒரு தராசு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் புதன்கிழமைச் சந்தையில் காய்கறிக் கடை போடும் ஓர் அம்மாவிடம் இரவல் வாங்கி வந்தேன். அவர் பிள்ளைகளும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். எதற்கு என்று சொன்னதும், "நல்லா சோதிச்சுப் பாருங்க சார்" என்று எடைக்கற்களையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நேர்மையாக அளப்பவர், 'சோதித்துப் பார்' என்று சொல்லத் தயங்கமாட்டார்.

எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் மேலே வாருங்கள். ஒரு தட்டில் ஒரு கிலோ கல்லை வையுங்கள். இன்னொரு தட்டில் வெங்காயத்தைப் போடுங்கள். போதும், முள் நேராக நிற்கிறது. சந்தையில் நாம் இத்தோடு பையை நீட்டிவிடுவோம். இப்போது வெங்காயத்தைக் கல் இருந்த தட்டுக்கும், கல்லை வெங்காயம் இருந்த தட்டுக்கும் மாற்றுங்கள். முள் எங்கே நிற்கிறது? அதே இடத்தில். கைதட்டுங்கள், அந்த அம்மாவுக்காக.

மாற்றிப் போட்டதில் என்ன தெரிந்தது? ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கவனியுங்கள், இது உங்கள் திருப்புத்திறன் பாடம்தான். தராசுக்கோல் 40 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். தொங்கவிடும் துளை சரியாக நடுவில் இருந்தால் இரண்டு கையும் 20, 20. துளை வெறும் அரை சென்டிமீட்டர் தள்ளிப்போனால் ஒரு கை 20.5, மறு கை 19.5. நீளமான கையில் காயும் குட்டையான கையில் கல்லும் இருந்தால், ஒரு கிலோ கல்லைச் சமன் செய்ய 951 கிராம் காயே போதும். கிலோவுக்கு 49 கிராம் போய்விடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காலித் தட்டில் முள் சாயுமே என்று கேட்பீர்கள். ஒரு தட்டைக் கொஞ்சம் கனமாகச் செய்துவிட்டால் காலியாக இருக்கும்போது முள் நேராகத்தான் நிற்கும். ஆனால் கல்லையும் காயையும் இடம் மாற்றிய உடனே கல் இருக்கிற பக்கம் கீழே இறங்கிவிடும். செலவே இல்லாத சோதனை, ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்புறம் இன்னொன்று: கோணல் தராசாக இருந்தாலும், இரண்டு பக்கமும் நிறுத்து அந்த இரண்டு எடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உண்மையான எடை கிடைத்துவிடும். கணக்கு ஆசிரியரிடம் ஏன் என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்.

கல்லே குறைவாக இருந்தால் மாற்றிப் போட்டாலும் தெரியாது. அதற்குத்தான் முத்திரை. இந்த இரும்புக் கல்லைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் ஒரு குழி, அதில் ஈயம். துறை அலுவலர் சரிபார்த்தபின் அந்த ஈயத்தில் முத்திரை குத்துவார். எந்த ஆண்டு, ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதும் அதில் தெரியும். நம் மாநிலத்தில் இந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. சட்டம் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். பழைய முத்திரையோடு காலத்துக்கும் ஓட்ட முடியாது. கல் தேயும், துரு உதிரும். அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடியும் சரிபார்க்க வேண்டும். எடைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் ஆற்றுக்கல்லை வைத்து, "இது அரைக்கிலோதான், பழகின கல்லு" என்று யாராவது சொன்னால், அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அது அளவு ஆகாது. அவர் சொல்வதை நாம் நம்புகிறோம், அவ்வளவுதான்.

இந்தக் கவலை நமக்குப் புதிதாக வந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் பொன்னையும் நெல்லையும் கணக்கு எழுதும்போது, எதனால் அளந்தது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பொன் நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். நவமணிகள் நிறுத்த கல் தட்சிணமேரு விடங்கன். நெல் அளக்க ஆடவல்லான் என்ற மரக்கால், அது இராஜகேசரி மரக்காலுக்குச் சமம் என்ற குறிப்பும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முதலாம் இராஜராஜன் காலத்தில்! ஒரு நகையின் எடையைச் சொன்னால் மட்டும் போதாது, எந்தக் கல்லால் நிறுத்தோம் என்றும் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது. பின்னால் வருகிற யாரும் அதே கல்லை எடுத்துச் சரிபார்க்கலாம் என்ற கதவை அவர்கள் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் படி அளந்த கதை சொல்வார்கள். நெல் அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லி, அடுத்து இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே போவார்கள். சத்தமாக எண்ணுவதற்குக் காரணம் உண்டு. அளப்பவர் எண்ணுவது கொடுப்பவர் காதிலும் வாங்குபவர் காதிலும் விழ வேண்டும். அதே படியில் ஏமாற்றவும் செய்தார்கள். வாங்கும்போது குவித்து அளப்பது, விற்கும்போது தலை வழித்து அளப்பது. படி ஒன்றுதான், முத்திரையும் சரிதான், அளக்கிற கைதான் வேறு. 1950-களின் கடைசியில் கிலோவும் லிட்டரும் நாடு முழுக்க வரத் தொடங்கின. படியும் சேரும் வீசையும் மெல்லப் போய்விட்டன. அந்தக் கை மட்டும் எல்லா இடத்திலும் போய்விடவில்லை.

இன்றைய சந்தையில் பாதிக் கடைகளில் மின்னணுத் தராசுதான். எண் பளிச்சென்று தெரிவதால் அதில் பொய் வராது என்று நினைத்துக்கொள்கிறோம். பொருளை வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா, தராசு சாய்வில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா, எண் நம் பக்கம் பார்த்து இருக்கிறதா, அதையும் பாருங்கள். தூக்கிலோ கூடையிலோ வைத்து நிறுத்தால் அதன் எடை கழிந்ததா என்று கேளுங்கள்.

நான் பேசுவதைக் கேட்டு வியாபாரிகள்தான் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் விவசாயம். உங்கள் அப்பா அம்மா தராசுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள். விடியும் முன் கத்தரிக்காய் பறித்துக் கொண்டுபோனால் நிறுப்பது மண்டியின் தராசு. வயலில் நிலக்கடலை நிறுக்க வருகிறவர் கொண்டுவருவது அவருடைய தராசு. மூட்டைக்கு இரண்டு கிலோ 'சாக்கு எடை' என்று கழிக்கிறார்கள். காலிச் சாக்கை அதே தராசில் போட்டுப் பார்த்து, அது காட்டுவதைக் கழிப்பதுதானே நியாயம்? மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாகப் போனால் நூறு மூட்டையில் நூறு கிலோ கடலை. களை எடுத்தவர், தண்ணீர் பாய்ச்சியவர், வெயிலில் பிடுங்கியவர் என்று எத்தனை பேர் உழைப்பு அதில் இருக்கிறது. பணத்தைத் திருடினால் பை காலியாவது தெரியும், போய்ப் புகார் சொல்லலாம். எடையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. இழந்தவர் தன் நிலத்தையும் ராசியையும் நொந்துகொள்வார். இந்தக் கொடுமைதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

சரி, சந்தையை விட்டு நம் ஆய்வகத்துக்கு வருவோம். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் சிலர் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி அலைவு நேரத்தைப் பின்னால் நிரப்புகிறார்கள். நோட்டுப் பார்க்க அழகாக இருக்கும். எனக்கு 9.4 வந்த நோட்டுதான் பிடிக்கும். நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்திவிட்டோமா, அலைவுகளை எண்ணும்போது ஒன்றை எண்ணாமல் விட்டுவிட்டோமா என்று அதைப் பார்த்துத் தேட முடியும். பொய்யாக எழுதிய 9.8-இல் தேட எதுவுமே இல்லை. இந்த ஆண்டு யாருக்கு எந்த எண் வந்தாலும், வந்ததை வந்தபடி எழுதினால் அதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறைக்க மாட்டேன். தலைமை ஆசிரியர் முன்னாலேயே சொல்கிறேன்.

உடல்நலப் பரிசோதனைக்கு வரும்போது எடை கூடுதலாகக் காட்டச் சட்டைப் பையில் கல் போட்டுக்கொண்டு நிற்பது விளையாட்டாகத் தெரியலாம். குழந்தைகளுக்குப் பல மருந்துகளின் அளவை எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அந்த அட்டையில் எழுதும் எண்ணை நம்பி வேறு ஒருவர் முடிவெடுப்பார். உங்களைப் பார்க்காத ஒருவராகக்கூட அவர் இருக்கலாம்.

உலகம் முழுக்க அளவைப் பார்த்துக்கொள்ளும் விஞ்ஞானிகளும் இதே கவலையில்தான் இருந்தார்கள். 1889 முதல் பாரிசுக்கு அருகே பூட்டி வைத்திருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் உலகத்துக்கே ஒரு கிலோ. அதன் நகல் ஒன்று டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நகல்களோடு ஒப்பிட்டபோது காலப்போக்கில் மிக மிக நுண்ணிய வேறுபாடு தெரிந்தது. மாறியது உருளையா, நகல்களா? உருளையே இலக்கணமாக இருந்தால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வழியே இல்லை. அதனால் 2019 மே 20 முதல் கிலோவை எந்தப் பொருளோடும் கட்டாமல், பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணோடு கட்டிவிட்டார்கள். தகுந்த கருவி உள்ள எந்த நாடும் இனி தானே சரிபார்க்கலாம், பாரிசுக்குப் போக வேண்டியதில்லை.

நம்மிடம் அந்தக் கருவி இல்லை, ஆனால் ஆய்வகத்தில் எடைக்கற்களின் பெட்டி இருக்கிறது. வரும் புதன்கிழமை மாலை பள்ளி வாசல் திண்ணையில் அதையும் ஒரு தராசையும் வைக்கப் போகிறோம். ஒன்பதாம் வகுப்பு பொறுப்பு. சந்தையிலிருந்து திரும்புகிற யார் வேண்டுமானாலும் வாங்கிய பொருளை நிறுத்துப் பார்க்கலாம். கடைக்காரர்கள் தங்கள் கற்களைக் கொண்டுவந்து ஒப்பிட்டும் பார்க்கலாம். இரண்டு விதிகள். எடை குறைந்தால் அங்கே யாரையும் 'திருடன்' என்று சொல்லக் கூடாது. தேய்ந்த கல்லாகவும் இருக்கலாம். கடைக்கே போய், "அக்கா, ஒரு தடவை தட்டை மாத்திப் போடுங்களேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்ட பிறகும் மறுத்தால் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அவர்கள் பேசுவார்கள். இரண்டாவது விதி, எடை கூடுதலாக இருந்தாலும் அதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

திண்ணையில் உட்கார விரும்புகிறவர்கள் இன்று மதிய உணவு இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள். இந்தத் தராசை இப்போது யாராவது இரண்டு பேர் பத்திரமாக ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள், நாளைக் காலை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நன்றி, வணக்கம்.