ஆரணியின் மருந்து, நிறை, ஒவ்வாமை விவரம்

வெள்ளவத்தை, கொழும்பு
09.06.2025

அன்புள்ள டொக்டருக்கு,

வணக்கம். ஜூலை முதல் வாரம் ஸ்கார்பரோ வருகிறோம். மகள் ஆரணியை உங்களிடம் பதிந்திருக்கிறோம். நீங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்று மச்சாள் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

பிறந்தது 03.02.2019. போன வெள்ளிக்கிழமை கிளினிக்கில் சப்பாத்தைக் கழற்றி நிறுத்தபோது 17.8 கிலோ, உயரம் 113 சென்ரிமீற்றர். மெலிந்த பிள்ளைதான், ஆனால் வளர்ச்சி அட்டையில் அவளுடைய கோடு விழவில்லை.

முதலில் கஜு. நாலு வயதில் ஒரு கலியாண வீட்டில் இரண்டு வாய் கஜுக் கறி சாப்பிட்டாள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, சத்தி எடுத்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அட்ரினலின் ஊசி போட்டு ஒரு இரவு வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து பிஸ்தாவும் கொடுப்பதில்லை. கச்சான் பிரச்சினை இல்லை, விரும்பியே சாப்பிடுவாள். கையில் வைத்திருக்கும் அட்ரினலின் பேனா எங்களிடம் இல்லை. முதல் சந்திப்பிலேயே எழுதித் தந்தால் பாடசாலை தொடங்க முன் வாங்கிவிடலாம்.

அமொக்சிசிலினும் ஆகாது. மூன்று வயதில் இரண்டாவது வேளை கொடுத்து அரை மணித்தியாலத்தில் உடம்பெல்லாம் தடித்து, கண் இமை வீங்கியது. பிறகு பரிசோதித்துப் பார்க்கவில்லை. அசித்ரோமைசின் இரண்டு தடவை கொடுத்தோம், ஒன்றும் செய்யவில்லை.

தொய்வுக்கு பெக்லோமெத்தசோன் 100 மைக்ரோகிராம், காலையும் இரவும் ஒவ்வொரு பஃப், ஸ்பேசர் வைத்து. இழுப்பு வந்தால் சல்பியூட்டமோல் இரண்டு பஃப். அது கடைசியாகத் தேவைப்பட்டது சித்திரை வருடப்பிறப்பன்று, பட்டாசுப் புகையில். மொன்டிலுகாஸ்ட் குளிசை போன வருடம் ஆறு கிழமை கொடுத்தோம். இரவில் பயந்து அலறி எழும்பினாள், பகலில் ஒரே சிடுசிடுப்பு. நிறுத்திய பிறகு சரியாகிவிட்டது. அதைத் திரும்பத் தொடங்க எங்களுக்கு மனமில்லை.

காய்ச்சலுக்கு இங்கே பரசிட்டமோல் சிரப் 10 மில்லி கொடுக்கிறோம். இங்குள்ள சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம். அங்கே அதே மருந்து அசிட்டமினோஃபென் என்ற பெயரில் 160 மில்லிகிராமாக வருகிறதாம். அப்படியானால் 7.5 மில்லி போதும் என்று கணக்குப் பார்த்தேன். சரியா என்று சொல்லுங்கள். மனைவிக்கும் எனக்கும் இதில்தான் கைதவறும் என்ற பயம்.

தடுப்பூசி அட்டையின் பிரதி இணைத்துள்ளேன். பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டது, இடது கையில் தழும்பு இருக்கிறது. காசநோய்த் தோல் பரிசோதனை செய்தால் அதை மனதில் வையுங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் போட்டாயிற்று. கொப்புளிப்பான் ஊசி இங்கே அரச அட்டவணையில் இல்லை, நாங்களும் போடவில்லை. அவளுக்கு அந்த நோய் வரவும் இல்லை.

இரண்டு மாதத்துக்கு இன்ஹேலர் கொண்டு வருகிறோம். ஊசி என்றால் அழுவாள், ஸ்டெதஸ்கோப்பை ஒரு தடவை காதில் வைக்க விட்டால் சமாளித்துக்கொள்வாள்.

நன்றியுடன்,
சி. கஜேந்திரன்
(ஆரணியின் அப்பா)